மூக்கு வழியாகத் தொண்டையைக் கேமராவில் பார்க்கும் பரிசோதனை: நோயாளிகள் கேட்கும் கேள்விகள்

வயிற்றுக்கு எண்டோஸ்கோப்பி எடுத்தபோது இரவிலிருந்தே பட்டினியாக இருக்கச் சொன்னார்கள். இதற்கும் வெறும் வயிற்றோடுதான் வர வேண்டுமா?

பொதுவாக வேண்டியதில்லை. வயிற்றுக்கு எடுக்கும் எண்டோஸ்கோப்பியில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள குழாய் வாய் வழியாக உணவுக்குழாயைக் கடந்து இரைப்பைக்குள் போகிறது. அங்கே உணவு இருந்தால் பார்வையும் மறையும், வாந்தி வந்து புரையேறும் ஆபத்தும் உண்டு. காது மூக்கு தொண்டைப் பிரிவில் செய்யும் இந்தப் பரிசோதனையில் போகும் குழாய் பெரும்பாலும் 3 முதல் 4 மில்லிமீட்டர் தடிமன்தான், அதாவது கைப்பேசிக்குச் சார்ஜ் போடும் ஒயர் அளவு. அது மூக்கின் வழியாக இறங்கி, குரல் நாண்களுக்குச் சற்று மேலேயே நின்றுவிடுகிறது. உணவுக்குழாய்க்குள் அது நுழைவதே இல்லை.

ஆகவே இரண்டு மணி நேரத்துக்கு முன் இரண்டு இட்லி போன்ற எளிய உணவை உண்டுவிட்டு வருவது நல்லது. மருத்துவமனைக்குள் நுழையும் முன் வயிறு நிறையச் சாப்பிடுவதைத் தவிர்த்தால் போதும். நிறைந்த வயிற்றோடு குமட்டல் எடுத்தால் வாந்தி வரலாம். மாறாக, காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்து, வரிசையில் மூன்று மணி நேரம் காத்திருந்து, நாற்காலியில் உட்கார்ந்ததும் கண் இருட்டிக்கொண்டு சரிகிறவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொண்டு உணவைத் தவிர்ப்பவர்களுக்கு இது உண்மையான ஆபத்து.

விதிவிலக்கு ஒன்று உண்டு. அதே அமர்வில் சதைத் துணுக்கு எடுக்கவோ மயக்கம் தரும் ஊசி போடவோ திட்டமிட்டிருந்தால் பட்டினி தேவைப்படும். அதை முன்பதிவின்போதே சொல்லிவிடுவார்கள். சொல்லியிருந்தால் அந்த அறிவுரையையே பின்பற்றுங்கள்.

சீட்டில் எஃப்.ஓ.எல். என்று எழுதியிருக்கிறார்கள். கண்ணாடி வைத்து வாய் வழியாகவே பார்த்தார்களே, பிறகு ஏன் மூக்கு வழியாக?

எஃப்.ஓ.எல்., என்.பி.எல்., வீடியோ லாரிங்கோஸ்கோப்பி என்று மருத்துவமனைக்கு ஒரு பெயராக எழுதுவார்கள். பெரும்பாலும் எல்லாம் இதையே குறிக்கும்.

வாய் வழியாக வளைந்த கண்ணாடியை வைத்துக் குரல்வளையைப் பார்ப்பது பழைய முறை. தன் குரல் நாண்களைத் தானே கண்ணாடியில் பார்த்து 1850-களில் அதை உலகுக்குச் சொன்ன மனுவேல் கார்சியா மருத்துவர் அல்லர், பாட்டு வாத்தியார். அந்த முறை இன்றும் பயன்படுகிறது; ஆனால் நாக்கை வெளியே இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டியிருப்பதால் நோயாளியால் இயல்பாகப் பேசவோ விழுங்கவோ முடிவதில்லை, குமட்டல் மிகுந்தவர்களுக்கு ஒன்றும் தெரிவதில்லை. மூக்கு வழியாக இறங்கும் குழாயோ நாக்கின் பின்புறத்தைத் தொடாமல் மேலிருந்து பார்க்கிறது. வாய் முழுக்க உங்களிடமே இருக்கிறது. பேசலாம், பாடலாம், இருமலாம், விழுங்கலாம். குரல் நாண்கள் வேலை செய்யும்போது எப்படி அசைகின்றன என்பதுதான் பல நோய்களில் முக்கியமான செய்தி என்பதால் இந்த வேறுபாடு பெரிது.

வழியில் மற்ற இடங்களும் பார்க்கப்படுகின்றன. மூக்கின் உட்புறம், மூக்குக்குப் பின்னால் காதுக்குச் செல்லும் குழாயின் வாய், குழந்தைகளுக்கு அடினாய்டு சதை வளரும் இடம், உள்நாக்கின் பின்பக்கம், நாக்கின் அடிப்பகுதி, குரல்வளை மூடி, அதன் கீழே வெண்மையாகத் தெரியும் இரண்டு குரல் நாண்கள் என்று வரிசையாகத் திரையில் வரும். பெரும்பாலான இடங்களில் திரையை நோயாளியும் பார்க்க முடியும். பார்க்க விரும்பாவிட்டால் கண்ணை மூடிக்கொள்ளாமல் எதிரே ஒரு புள்ளியைப் பாருங்கள். கண்ணை இறுக மூடுகிறவர்கள் தங்களை அறியாமல் மூச்சையும் அடக்கிவிடுகிறார்கள்.

உண்மையைச் சொல்லுங்கள், வலிக்குமா?

பெரும்பாலோர் இதை வலி என்று சொல்வதில்லை. அழுத்தம், கூச்சம், கண்ணில் நீர் கோத்தல், தும்மல் வருவது போன்ற உணர்வு என்று சொல்கிறார்கள். எந்த இடத்தில் அது வருகிறது என்பதை முன்பே தெரிந்துகொண்டால் பதற்றம் குறையும். முதல் இடம் மூக்கின் நடுப்பகுதி; அங்கே நடுத்தண்டுக்கும் பக்கச் சதைக்கும் இடையிலுள்ள சந்தில் குழாய் நழுவிச் செல்கிறது, சந்து குறுகலாக இருந்தால் அழுத்தம் தெரியும். இரண்டாவது இடம் மூக்கு முடிந்து தொண்டை தொடங்கும் வளைவு. அங்கே குழாய் செங்குத்தாகக் கீழ்நோக்கித் திரும்புகிறது. இந்த இரண்டையும் கடக்கச் சில நொடிகளே ஆகும். அதன்பின் குழாய் தொண்டையில் அந்தரத்தில் தொங்குவதால் பெரிதாக ஒன்றும் தெரிவதில்லை. மொத்தத்தில் குழாய் உள்ளே இருப்பது ஓரிரு நிமிடம், மிஞ்சினால் ஐந்து நிமிடம்.

கூர்மையான வலி வந்தால் கையை உயர்த்துங்கள். மருத்துவர் குழாயை வெளியே எடுத்து மறு துளை வழியாக முயல்வார். பேசிச் சொல்ல முயல வேண்டாம், தலையைப் பின்னால் இழுக்கவும் வேண்டாம். குழாய் உள்ளே இருக்கும்போது திடீரென்று தலையைத் திருப்புவதுதான் மூக்கில் கீறல் விழுந்து ரத்தம் கசியக் காரணமாகிறது.

மரத்துப்போகும் மருந்து அடித்தால் மூச்சே நின்றுவிடுவது போல் இருக்கும் என்று பக்கத்து வீட்டு அக்கா பயமுறுத்துகிறார்.

அவர் அனுபவித்தது உண்மை. அதன் பொருளைத்தான் தவறாக எடுத்துக்கொண்டிருக்கிறார். மூக்கில் விடுவது இரண்டு மருந்துகளின் கலவை. ஒன்று லிக்னோகைன், உணர்வை மரக்கச் செய்வது. மற்றொன்று மூக்கடைப்புக்கு விடும் சொட்டு மருந்து வகை, உள்ளே வீங்கியிருக்கும் சதையைச் சுருங்கச் செய்து பாதையை அகலப்படுத்துவது. இவற்றைத் தெளிப்பார்கள், அல்லது பஞ்சில் நனைத்து மூக்கில் வைத்து ஐந்து முதல் பத்து நிமிடம் காத்திருக்கச் சொல்வார்கள். சிலருக்குத் தொண்டையிலும் இரண்டொரு முறை தெளிப்பதுண்டு.

மருந்து தொண்டைக்கு இறங்கும்போது வேப்பங்கொழுந்தை மென்றது போலக் கசக்கும். சற்று நேரத்தில் தொண்டையில் கட்டி ஒன்று நிற்பது போலவும், எச்சிலை விழுங்க முடியாதது போலவும் தோன்றும். உண்மையில் விழுங்கும் தசைகள் வேலை செய்துகொண்டேதான் இருக்கின்றன. விழுங்கியது மூளைக்குத் தெரிவதில்லை, அவ்வளவே. காற்று போவதும் அப்படித்தான்: தொண்டையின் மேற்பரப்பு மரத்துவிட்டதால் காற்று உரசிச் செல்லும் உணர்வு காணாமல் போகிறது, காற்று போய்க்கொண்டுதான் இருக்கிறது. சந்தேகம் வந்தால் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பாருங்கள், வெளிவரும் காற்று விரலில் படும். எச்சிலை விழுங்கத் தயக்கமாக இருந்தால் தரப்படும் கிண்ணத்தில் துப்பிவிடலாம்.

சில மருத்துவர்கள் மரக்கும் மருந்தே இல்லாமல் வழுக்கும் ஜெல் மட்டும் தடவிச் செய்கிறார்கள். மெல்லிய குழாயும் பழகிய கையும் இருந்தால் அதுவும் எளிதாகவே முடிகிறது. பக்கவாதத்துக்குப் பிறகு விழுங்குவது எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்கே குழாய் செலுத்தப்படுமானால், தொண்டையை வேண்டுமென்றே மரக்கச் செய்ய மாட்டார்கள், ஏனெனில் மரத்த தொண்டையின் விழுங்கலைப் பார்த்து ஒரு முடிவுக்கு வர முடியாது.

முன்பு பல் பிடுங்கும்போதோ தையல் போடும்போதோ மரக்கும் ஊசிக்கு உடல் தடித்தல், மூச்சுத் திணறல், வலிப்பு ஏதாவது வந்திருந்தால், தெளிப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். ரத்த அழுத்தம் கட்டுப்பாடின்றி இருப்பவர்களும் சொல்ல வேண்டும். சதையைச் சுருக்கும் சொட்டு மருந்து அவர்களுக்கு ஏற்றதா என்று மருத்துவர் முடிவு செய்வார்.

எனக்கு நாக்கில் ஸ்பூன் பட்டாலே குமட்டும். என்னால் முடியுமா?

உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் இந்த மூக்கு வழியே வசதியானது. குமட்டலை எழுப்பும் இடங்கள் முக்கியமாக நாக்கின் அடிப்பகுதியும் தொண்டையின் பின்சுவரும். குழாய் அவற்றைத் தொடாமல் நடுவே இறங்குவதற்கு ஒரு நிபந்தனை உண்டு: உள்நாக்கு இருக்கும் மென்மையான அண்ணம் தளர்ந்து கீழே தொங்க வேண்டும். வாயால் மூச்சு விடும்போது அந்த அண்ணம் மேலே எழுந்து பாதையை அடைத்துக்கொள்கிறது, குழாய் அதில் முட்டுகிறது, குமட்டல் வருகிறது. வாயை மூடி மூக்கால் மெதுவாக இழுக்கும்போது அது தானாகவே இறங்கி வழி விடுகிறது. பரிசோதனையின் நடுவில் மருத்துவர் ‘மூக்கால மூச்சு இழுங்க’ என்று விடாமல் சொல்வது ஆறுதலுக்காக அல்ல, கதவைத் திறக்கச் சொல்வதற்காக.

ஆகவே வீட்டில் செய்துகொள்ளத்தக்க பயிற்சி ஒன்றே ஒன்றுதான். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கழுத்தைச் சற்றே முன்னால் நீட்டி, பூ முகர்வது போல முகத்தை வைத்துக்கொண்டு, வாயை மூடி, மூக்கால் இழுத்து மூக்காலேயே மெல்ல விடுங்கள். இரண்டு நிமிடம் போதும். முந்தைய நாள் இதைச் சிலமுறை செய்துவிட்டு வருகிறவர்களிடம் வேலை பாதி நேரத்தில் முடிந்துவிடுகிறது. அப்படியும் குமட்டல் வந்தால் அதை அடக்கப் போராடாமல் மூச்சை மட்டும் தொடருங்கள். குழாயைச் சற்று மேலே தூக்கிக்கொண்டு காத்திருப்பார்கள்.

உள்ளே விட்ட பிறகு ‘ஈ’ சொல்லு, கன்னத்தை உப்பு என்றெல்லாம் சொன்னார்கள் என்று என் தம்பி சிரிக்கிறான். அதெல்லாம் எதற்கு?

ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. ‘ஈ’ என்று இழுத்துச் சொல்லும்போது நாக்கு முன்னால் போகிறது, அதோடு சேர்ந்து குரல்வளை மூடியும் முன்னால் சாய்ந்து திரை விலகுகிறது; அதே நேரத்தில் இரண்டு குரல் நாண்களும் நடுவில் வந்து ஒட்டுகின்றன. ‘ஈ’ சொல்லி, மூச்சை இழுத்து, மீண்டும் ‘ஈ’ சொல்லி, மீண்டும் இழுக்கும்போது நாண்கள் மூடித் திறக்கின்றன. ஒன்று மட்டும் அசையாமல் நின்றால், அந்த நாணுக்கு வரும் நரம்பைப் பற்றிய கேள்வி எழுகிறது. தைராய்டு அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும் இந்தப் பரிசோதனையைக் கேட்பது இதனால்தான். அந்த நரம்பு தைராய்டுக்குப் பின்னால் ஒட்டியே செல்கிறது. இடது நரம்பு மார்புக்குள் இறங்கி மகாதமனியின் வளைவைச் சுற்றிக்கொண்டு மேலேறுவதால், இடது நாண் காரணமின்றி அசையாமல் போனால் நெஞ்சையும் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். தொண்டைப் பிரச்சினைக்கு நெஞ்சு ஸ்கேன் எதற்கு என்று அப்போது திகைக்க வேண்டாம்.

வாயை மூடிக் கன்னத்தை உப்பச் செய்யும்போது, குரல்வளையின் இருபுறமும் ஒட்டிக் கிடக்கும் குழிகள் காற்றால் விரிகின்றன. உணவு இறங்கும் பாதையான அந்தக் குழிகளில் ஒளிந்திருக்கும் புண்ணோ கட்டியோ அப்போதுதான் தெரியும். நாக்கை நீட்டச் சொல்வது, நாக்கின் அடியில் மூடிக்கு முன்னுள்ள பள்ளத்தைப் பார்ப்பதற்காக. சிக்கிய மீன் முள் சில நேரம் அங்கேதான் கிடக்கும். பாடுகிறவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் விட்டு விட்டு ஒளிரும் விளக்கில் பார்ப்பதுண்டு. பேசும்போது நாண்கள் நொடிக்கு 100 முறை, 200 முறை என்று அதிர்வதைக் கண்ணால் பின்தொடர முடியாது. அந்த விளக்கு அதை மெதுவாக ஓடுவது போல் காட்டுகிறது.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறேன். நிறுத்திவிட்டு வரட்டுமா?

நீங்களாக நிறுத்தக் கூடாது. வெறுமனே பார்ப்பதற்கு மட்டும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்றவற்றை நிறுத்த வேண்டிய தேவை பெரும்பாலும் வருவதில்லை. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் தானாக நிறுத்தினால் விளைவு மூக்கில் ரத்தம் கசிவதைவிடப் பல மடங்கு மோசமானது. மாத்திரை அட்டைகளை அப்படியே பையில் போட்டு எடுத்து வாருங்கள். பெயரை நினைவில் வைத்துச் சொல்வதைவிட அட்டையைக் காட்டுவது எனக்கு எப்போதும் உதவியாக இருந்திருக்கிறது.

மூக்குத் தண்டு வளைவு இருக்கிறது, மூக்குத்தியும் போட்டிருக்கிறேன்.

தண்டு ஒரு பக்கம் வளைந்திருந்தால் மறுபக்கம் பெரும்பாலும் அகலமாக இருக்கும், குழாய் அந்தப் பக்கம் போகும். எந்தத் துளையில் காற்று தாராளமாக வருகிறது என்று காலையில் ஒவ்வொன்றாக மூடிப் பார்த்துவிட்டு வந்து சொன்னால் நேரம் மிச்சம். மூக்கில் முன்பு அறுவை சிகிச்சை செய்திருந்தாலோ அடிக்கடி ரத்தம் வந்தாலோ அதையும் சொல்லுங்கள். மூக்குத்தியின் திருகாணி உள்ளே நீண்டிருந்தால் குழாயிலும் பஞ்சிலும் மாட்டக்கூடும். இரண்டு பக்கமும் போட்டிருப்பவர்கள் ஒரு பக்கத்தையாவது வீட்டிலேயே கழற்றிவிட்டு வரலாம். பல நாள் கழற்றாத திருகாணியை மருத்துவமனையில் எண்ணெய் தேடிக் கழற்றுவது பரிசோதனையைவிட நீண்ட வேலை.

முடிந்த பிறகு காப்பி குடிக்கலாமா? வண்டி ஓட்டலாமா?

தொண்டை மரத்திருக்கும் வரை எதையும் உண்ணவோ குடிக்கவோ கூடாது; ஏறக்குறைய ஒரு மணி நேரம். மரத்த தொண்டைக்கு நீர் மூச்சுக்குழாய்ப் பக்கம் போவது தெரியாது, சூடும் தெரியாது. ஒரு மணி நேரம் கழித்து முதலில் ஒரு வாய் குளிர்ந்த தண்ணீரை உறிஞ்சிப் பாருங்கள். இருமலின்றி இறங்கினால் பிறகு காப்பி, அதன் பின் உணவு. தூக்க மருந்து தராததால், தலைசுற்றல் இல்லாவிட்டால் வண்டி ஓட்டலாம், வேலைக்கும் போகலாம்.

மூக்கைச் சிந்தும்போது லேசாக ரத்தம் கலந்து வந்தால் அஞ்ச வேண்டாம். சொட்டுச் சொட்டாக வந்தால் முன்னால் குனிந்து, மூக்கின் மென்மையான கீழ்ப்பகுதியை இரு விரல்களால் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். தலையை அண்ணாந்து வைத்தால் ரத்தம் தொண்டைக்குள் இறங்கும். அதற்கும் நிற்காவிட்டால் மருத்துவமனைக்கு வர வேண்டும். பரிசோதனையின்போது மயக்கம் வருவது அரிதாக நடக்கும். வியர்வை, காதில் இரைச்சல், கண் மங்கல் தொடங்கியதுமே சொல்லிவிட்டால் நாற்காலியைச் சாய்த்துக் காலை உயர்த்துவார்கள், சில நிமிடங்களில் சரியாகிவிடும்.

அப்பாவுக்கு ஐந்து வாரமாகக் குரல் கம்மல். கேமராவில் பார்த்தார்கள். இப்போது மயக்கம் கொடுத்து மறுபடி பார்க்க வேண்டும் என்கிறார்கள். முதலில் செய்தது வீணா?

வீண் அல்ல. ஏன் என்பதை, அடையாளங்களை மாற்றி, இதே போன்ற ஒருவரின் வழியாகச் சொல்கிறேன். அவருக்கு 58 வயது. காய்கறி மண்டியில் ஏலம் கூவுபவர். முப்பது ஆண்டுகளாகப் பீடி பிடிக்கிறார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஸ்டென்ட் வைத்ததால் இரண்டு வகை ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரைகள் சாப்பிடுகிறார். கூவுகிற தொழில்தானே, குரல் கம்மத்தான் செய்யும் என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். சளிக்குப் பிறகு வரும் கம்மல் பொதுவாக இரண்டு மூன்று வாரத்தில் தெளிந்துவிடும். புகையிலைப் பழக்கம் உள்ளவருக்கு அதைத் தாண்டியும் நீடித்தால் குரல் நாணைப் பார்த்தே ஆக வேண்டும்.

அவருக்கு வலது மூக்கு குறுகல், ஆகவே இடது பக்கம் பஞ்சு வைத்துப் பத்து நிமிடம் காத்திருந்தோம். மாத்திரைகளை நிறுத்தவில்லை. குழாய் இறங்கியதும் மூக்கின் பின்பக்கம், நாக்கின் அடி, குரல்வளை மூடி எல்லாம் இயல்பாக இருந்தன. ‘ஈ’ சொன்னபோது இடது நாணின் முன்பாதியில், சுண்ணாம்பு தடவியது போன்ற வெள்ளைத் திட்டு தெரிந்தது. இரண்டு நாண்களும் நன்றாக அசைந்தன. கன்னத்தை உப்பச் செய்தபோது இருபுறக் குழிகளும் சுத்தமாக விரிந்தன. குழாய் உள்ளே இருந்தது மூன்று நிமிடம்.

இந்த மூன்று நிமிடத்தில் மூன்று செய்திகள் கிடைத்தன: கோளாறு எங்கே இருக்கிறது, எவ்வளவு இடத்தில் இருக்கிறது, நாண் அசைகிறதா. மூன்றாவதுதான் மிகப் பெரிய செய்தி. அது புற்றாகவே இருந்தாலும், நாண் அசைவது அது ஆழமாக ஊடுருவி நாணை இறுக்கிவிடவில்லை என்பதைக் காட்டுகிறது. கிடைக்காத செய்தி ஒன்றுண்டு. வெள்ளைத் திட்டு வெறும் தடிப்பாகவும் இருக்கலாம், புற்றுக்கு முந்தைய மாற்றமாகவும் இருக்கலாம், தொடக்க நிலைப் புற்றாகவும் இருக்கலாம். எவ்வளவு நல்ல கேமராவாக இருந்தாலும் மேற்பரப்பைப் பார்த்து அதை உறுதியாகச் சொல்ல முடியாது. துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். விழித்திருப்பவரின் நாண் ஒவ்வொரு மூச்சுக்கும் அசைகிறது, தொட்டால் இருமல் வருகிறது. நாணின் மென்மையான அடுக்குகளைச் சிதைக்காமல் துல்லியமாக எடுக்க அது அசையாமல் இருக்க வேண்டும். அதற்குத்தான் முழு மயக்கம். அப்போதுதான் அவருடைய மாத்திரைகளைப் பற்றிய கேள்வியும் எழுந்தது. இதய மருத்துவர் எதை எத்தனை நாள் நிறுத்தலாம், எதைத் தொடர வேண்டும் என்று எழுதித் தந்த பிறகே நாள் குறித்தோம்.

உங்கள் அப்பாவுக்கு வந்திருப்பது இதுவாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. கூவிக் கூவி ஒரே நாளில் ரத்தக்கசிவு ஏற்பட்டு வரும் கொப்புளம் போன்ற கட்டியும் இதே கம்மலைத்தான் தரும். மருத்துவரிடம் கேட்க வேண்டியவை இரண்டு: நாண்கள் இரண்டும் அசைகின்றனவா, பார்த்ததைப் பதிவு செய்திருக்கிறீர்களா. பதிவின் நகலைக் கேட்டு வாங்கி வைத்தால், வேறு மருத்துவமனைக்குப் போனாலும் ஒப்பிட உதவும்.

எல்லாம் நார்மல் என்று எழுதிவிட்டார்கள். ஆனால் தொண்டையில் ஏதோ அடைத்த மாதிரியே இருக்கிறது.

இந்தக் கேமரா பார்ப்பது குரல் நாண்கள் வரை. அதற்குக் கீழே மூச்சுக்குழாயின் தொடக்கம் ஓரளவுதான் தெரியும். உணவுக்குழாய்க்குள் இருப்பது தெரியவே தெரியாது. ஆகவே எச்சில் விழுங்கும்போது மட்டும் அடைத்த உணர்வு, சோறு தண்ணீர் தாராளமாக இறங்குகிறது என்றால், இயல்பான முடிவு நல்ல செய்தி. சோறு சிக்குகிறது, எடை குறைகிறது, விழுங்கும்போது ஒரு பக்கக் காதில் வலி இழுக்கிறது என்றால், நார்மல் என்ற சொல்லோடு நிறுத்தக் கூடாது. உணவுக்குழாயைப் பார்க்கும் பரிசோதனையோ ஸ்கேனோ தேவைப்படலாம். மீன் முள்ளும் அப்படியே. தொண்டையில் காணவில்லை என்றால் இறங்கிப் போயிருக்கலாம், உணவுக்குழாயில் குத்தியும் நிற்கலாம். வலி தொடர்ந்தால் அன்றே மறுபடி வர வேண்டும், சோற்று உருண்டை விழுங்கித் தள்ளிப் பார்க்கக் கூடாது.

இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. குரல்வளையின் பின்பகுதி சிவந்திருக்கிறது, அமிலம் மேலேறுகிறது என்று பல முடிவுகளில் எழுதுகிறோம். அந்தச் சிவப்பு தொல்லையே இல்லாதவர்களிடமும் காணப்படுகிறது. நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம் போன்றவை கூடவே இல்லாதபோது, சிவப்பை மட்டும் நம்பி மாதக்கணக்கில் அமில மாத்திரை சாப்பிடுவதற்கு முன் கேள்வி கேட்பது நியாயமே.

நான்கு வயதுப் பிள்ளைக்குச் செய்யலாமா?

செய்யலாம், கைக்குழந்தைக்கே செய்கிறார்கள், இன்னும் மெல்லிய குழாயால். பிள்ளையை மடியில் உட்காரவைத்து, ஒரு கையால் இரு கைகளையும் சேர்த்து அணைத்து, மறு கையால் நெற்றியை மார்போடு பிடித்துக்கொள்ளும்படி பெற்றோரிடம் சொல்வார்கள். அழும். அழும்போது நாண்கள் நன்றாக அசைந்து தெரிவதால் அழுகை எங்களுக்குத் தடையே இல்லை. ஊசி இல்லை என்று உண்மையைச் சொல்லலாம். ஒன்றுமே செய்ய மாட்டார்கள் என்று பொய் சொல்லி அழைத்து வந்தால் அடுத்த முறை வாசலைத் தாண்ட மாட்டார்கள்.

எனக்கு முன்னால் பத்துப் பேர் மூக்கில் போன குழாய்தானே?

நியாயமான கேள்வி. ஒவ்வொருவருக்குப் பின்னும் குழாயைத் துடைத்து, நொதி கலந்த சோப்புக் கரைசலில் கழுவி, பிறகு கிருமிநாசினிக் கரைசலில் முழுவதும் மூழ்கவைக்க வேண்டும். 2 சதவீத குளூட்டரால்டிஹைடு என்றால் வழக்கமாக 20 நிமிடம். அதன்பின் சுத்த நீரில் அலசி உலர்த்த வேண்டும். வெறும் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து அடுத்தவருக்குச் செலுத்துவது போதாது. சந்தேகம் இருந்தால் செவிலியரிடம் தயங்காமல் கேளுங்கள். சில இடங்களில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் உறையைக் குழாயின் மேல் மாட்டுகிறார்கள்.

இரண்டு வாரம் கழித்துத்தான் நாள் கொடுத்திருக்கிறார்கள். காத்திருக்கலாமா?

கம்மல் மட்டும் என்றால் காத்திருக்கலாம். மூச்சை இழுக்கும்போது விசில் போன்ற ஓசை கேட்டால், படுத்தால் மூச்சு முட்டினால், எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வாயோரம் வழிந்தால், இருமலில் ரத்தம் வந்தால், காய்ச்சலோடு குரல் அமுங்கிப்போனால், முன்பதிவை மறந்துவிட்டு அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். வழியில் படுக்கவைக்காமல், அவருக்கு எப்படி உட்கார்ந்தால் மூச்சு எளிதாக வருகிறதோ அப்படியே உட்காரவைத்து அழைத்துச் செல்லுங்கள்.